அகலத்துக்கு ஒன்று, தடிமனுக்கு ஒன்று... என் முதுகின் வாரக் கணக்கு!

எங்கள் தெருமுனை ஜிம்மில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு ஒரு சார்ட் கொடுப்பார்கள். லேமினேட் செய்த ஒற்றைத் தாள். அதில் 'பேக்' என்ற தலைப்புக்குக் கீழே நான்கு வரிகள் இருக்கும். வைட் கிரிப் புல்டவுன், க்ளோஸ் கிரிப் புல்டவுன், ரிவர்ஸ் கிரிப் புல்டவுன், பிஹைண்ட் நெக் புல்டவுன். ஒவ்வொன்றும் மூன்று செட். வாரத்தில் ஒரே நாள், அதுவும் புதன்கிழமை.

நான்கு பெயர்கள் இருந்தாலும் மெஷின் ஒன்றுதான். நான்கிலும் தலைக்கு மேலிருக்கும் கம்பியைக் கீழே இழுக்கிறோம். முன்னாலிருந்து நம்மை நோக்கி இழுக்கும் 'ரோ' வகை ஒன்றுகூட அதில் இல்லை. "மாஸ்டர், ரோ எதுவுமே இல்லையே?" என்று கேட்டேன். "அது தடிமனுக்கும்மா. பொண்ணுங்களுக்கு எதுக்குத் தடிமன்? புல்டவுன் போட்டா ஷேப் வரும்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால், அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

எனக்கு ஒரு காரணம் இருந்தது. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை என்றாலும் மாதத்தில் நாலைந்து நாள் களத்துக்கு அனுப்புவார்கள். போன வருடம் மழை வெள்ளத்தின்போது ஒரு தெருவுக்குள் போக டிராக்டர் டிரெய்லர்தான் வழி. உடன் வந்த போட்டோகிராபர் அண்ணன் டிரெய்லரின் விளிம்பைப் பிடித்து ஒரே எம்பில் ஏறிவிட்டார். என்னை இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கிவிட்டவர்கள் அன்பாகத்தான் தூக்கிவிட்டார்கள். இருந்தாலும் என் எடை 54 கிலோவை நானே மேலே இழுத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. அப்படி ஏறும்போது உடம்பு செய்வது இரண்டு வேலை. முதலில் மேலே இருக்கும் விளிம்பைப் பிடித்து உடம்பை உயர்த்துகிறோம். பிறகு நெஞ்சை அந்த விளிம்பை நோக்கிக் கொண்டுவருகிறோம். முதலாவது புல்டவுனின் வேலை. இரண்டாவதில் ரோவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே ஜிம்முக்கு மாலை நேரத்தில் வரும் பிசியோதெரபிஸ்ட் அக்கா ஒருவர்தான் இதை எனக்கு ஒழுங்காக விளக்கினார். கிணற்றில் தண்ணீர் இறைத்த பாட்டிகளை நினைத்துக்கொள்ளச் சொன்னார். மேலே கப்பி, அதில் கயிறு, கை மேலிருந்து கீழே வரும். அதுதான் புல்டவுன். படகில் துடுப்பு வலிப்பவரை நினைத்துக்கொண்டால், கை முன்னாலிருந்து பின்னால் வரும். அது ரோ. "ரெண்டுலயும் முதுகு வேலை செய்யுது. ஆனா முதுகுல இருக்கறது ஒரே தசை இல்ல. அதுதான் விஷயம்" என்றார்.

முதுகின் பக்கவாட்டில், அக்குளிலிருந்து இடுப்பு வரை விரிந்திருக்கும் பெரிய தசைக்கு ஜிம் பாஷையில் 'லேட்ஸ்' என்று பெயர். அதன் லத்தீன் பெயரிலேயே 'மிக அகலமானது' என்ற பொருள் இருக்கிறது. முதுகெலும்பின் கீழ்ப்பாதியிலும் இடுப்பெலும்பிலும் தொடங்கி, விசிறி மடங்குவதுபோல் குறுகிப்போய், மேற்கை எலும்பில் ஒட்டிக்கொள்கிறது. இது வளர்ந்தால் முன்னாலிருந்து பார்க்கும்போதே அக்குளுக்குக் கீழே உடம்பு விரிந்து தெரியும். இதைத்தான் அகலம் என்கிறார்கள். தடிமன் என்பது நடுமுதுகின் சமாச்சாரம். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே இருக்கும் ட்ரபீசியஸின் நடுப்பகுதி, அதற்கு அடியில் ராம்பாய்ட்ஸ், தோளின் பின்பக்கத் தசை எல்லாம் இதில் அடக்கம். இவை வளர்ந்தால் முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் நின்றால்தான் தெரியும்.

இங்கேதான் பலருக்கும் ஒரு குழப்பம் வருகிறது. 'புல்டவுன் என்றால் அகலம், ரோ என்றால் தடிமன்' என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். பாதி உண்மை. லேட்ஸ் மேற்கை எலும்பில் ஒட்டியிருக்கிறது அல்லவா? கை மேலிருந்து கீழே வந்தாலும் சரி, முன்னாலிருந்து பின்னால் போனாலும் சரி, அது வேலை செய்யும். அதனால் ரோவிலும் லேட்ஸுக்கு நல்ல வேலை கிடைக்கும், முழங்கை போகிற வழி சரியாக இருந்தால். முழங்கை உடம்பை உரசிக்கொண்டு இடுப்பை நோக்கிப் போனால் லேட்ஸுக்குப் பங்கு அதிகம். முழங்கை உடம்பைவிட்டு விலகி, பக்கவாட்டில் விரிந்து பின்னால் போனால் நடுமுதுகுக்கும் பின்தோளுக்கும் பங்கு அதிகம். மெஷினின் பெயரைவிட முழங்கையைப் பார்த்தால் போதும் என்று அக்கா சொன்னது இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் அந்த லேமினேட் சார்ட்டின் குறை புரியும். புல்டவுனில் பிடியை அகலமாக்கினாலும் குறுக்கினாலும் கை மேலிருந்து கீழே வருவது மாறவில்லை. பெரிய வித்தியாசம் எதுவும் கிடைக்காது. கழுத்துக்குப் பின்னால் இழுப்பதில் தனி லாபமும் இல்லை. தோள் நெகிழ்வு குறைந்தவர்களுக்குத் தலையை முன்னால் நீட்டி, தோளை வசதியில்லாத கோணத்தில் திருப்ப வேண்டியிருக்கும். பன்னிரண்டு செட்டும் ஒரே திசையில் போக, நடுமுதுகு ஓரமாய் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். இன்னொன்று, பன்னிரண்டு செட்டையும் ஒரே நாளில் போட்டால் ஏழெட்டு செட்டுக்குப் பிறகு கையில் தெம்பு இருக்காது. மீதி எல்லாம் பேருக்குத்தான் நடக்கும்.

அதனால் என் வாரத்தை நான்கு நாளாகப் பிரித்தோம். திங்களும் வியாழனும் மேலுடம்பு. செவ்வாயும் வெள்ளியும் கால்கள். புதன் எனக்கு நைட் ஷிஃப்ட், ஞாயிறு காலை டியூட்டி, அதனால் அந்த நாட்களைத் தொடவில்லை. முதுகு வாரத்தில் இரண்டு முறை வரும். ஒவ்வொரு முறையும் ஒரு புல்டவுன், ஒரு ரோ. ஆனால், எது முதலில் வருகிறது என்பதை மாற்றிக்கொள்வோம். தெம்பு முழுதாக இருக்கும்போது எதைச் செய்கிறோமோ அதில்தான் எடையும் எண்ணிக்கையும் வேகமாக ஏறும்.

திங்களன்று புல்டவுன் முதலில். மூன்று செட், ஒவ்வொன்றிலும் எட்டிலிருந்து பத்து முறை. அடுத்து ஒற்றைக் கை டம்பெல் ரோ, ஒரு பக்கத்துக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு, மூன்று செட். இந்த ரோவில் முழங்கை இடுப்பை நோக்கிப் போகும். ஆக, திங்கள் பெரும்பாலும் லேட்ஸின் நாள். வியாழனன்று ரோ முதலில். சாய்வு பெஞ்சில் குப்புறப் படுத்து, இரண்டு கையிலும் டம்பெல் வைத்து, முழங்கையை விரித்து இழுக்கும் ரோ, நான்கு செட், எட்டிலிருந்து பத்து. அதன் பிறகு உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் பிடியில் புல்டவுன், மூன்று செட், பத்திலிருந்து பன்னிரண்டு. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்குப் பதிமூன்று செட். ஆறு மேலிருந்து, ஏழு முன்னாலிருந்து. எதிர்ப்பக்கத்தில் நெஞ்சுக்கும் தோளுக்குமான தள்ளும் பயிற்சிகள் இரண்டு நாளும் சேர்த்துப் பன்னிரண்டு செட். இழுப்பதும் தள்ளுவதும் ஏறக்குறைய சமம். சார்ட்டில் இருந்த அதே அளவு உழைப்புதான். அடுக்கிய விதம்தான் வேறு.

சார்ட்டைப் பார்த்த மாஸ்டர், "பார்பெல் ரோ இல்லாம என்ன ரோ?" என்றார். நியாயமான கேள்வி. குனிந்து நின்று நீளக் கம்பியை வயிற்றை நோக்கி இழுக்கும் பார்பெல் ரோ ரொம்ப நல்ல பயிற்சிதான். ஆனால், அதில் இழுக்கிற கையைவிட, குனிந்த நிலையைத் தாங்குகிற இடுப்பு முதுகு சீக்கிரம் களைத்துப்போகும். என் கணக்கில் செவ்வாய் ஸ்குவாட், வெள்ளி ரொமேனியன் டெட்லிஃப்ட். இரண்டும் அதே இடுப்பு முதுகைத்தான் கேட்கும். வியாழன் அதைக் களைக்க வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை டெட்லிஃப்ட் கம்பியைப் பிடித்தால், தொடை சோர்வதற்கு முன் இடுப்பு 'போதும்' என்று சொல்லிவிடும். குப்புறப் படுத்துச் செய்யும் ரோவில் நெஞ்சு பெஞ்சில் தாங்கியிருப்பதால் இடுப்புக்கு வேலை இல்லை. வாரத்தைச் சமமாக வைப்பது என்றால் முதுகையும் நெஞ்சையும் மட்டும் பார்த்தால் போதாது, மறுநாள் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று இதில்தான் புரிந்தது. கால் பயிற்சியை வேறு மாதிரி வைத்திருப்பவர்கள், டெட்லிஃப்ட் செய்யாதவர்கள் தாராளமாக பார்பெல் ரோ வைத்துக்கொள்ளலாம்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புல்டவுனில் தொடைக்கு மேல் வரும் பேடை இறுக்கமாக வைக்க வேண்டும். இல்லையென்றால் எடை கூடும்போது நாமே சீட்டிலிருந்து எழும்பிவிடுவோம். தோள் அகலத்தைவிடச் சற்றே வெளியே கம்பியைப் பிடித்து, கைகள் முழுதாக நீண்டு, தோள்களும் காதை நோக்கி உயரும்வரை விட வேண்டும். பிறகு முதலில் தோள்கள் கீழே இறங்கும், அப்புறம் முழங்கைகள். 'முழங்கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் போடுவதுபோல் இழு' என்று அக்கா சொல்வார். கம்பி காலர் எலும்பை ஒட்டி, நெஞ்சின் மேற்பகுதிக்கு வந்தால் போதும். அதற்கும் கீழே வயிறுவரை இழுத்தால் முழங்கை பின்னால் போய், தோள் முன்னால் உருண்டுவிடும். மேலே விடும்போது இரண்டு, மூன்று வினாடி. தடால் என்று விடுகிறவர்களை மெஷினில் எடை மோதும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இதில் அதிகமாகக் கெட்டுப்போவது சாய்வுதான். லேசாகப் பின்னால் சாய்ந்து, நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்காருவது சரி. எடை கூடக்கூட அந்தச் சாய்வும் கூடும். ஒரு கட்டத்தில் பாதி படுத்தபடி இழுத்துக்கொண்டிருப்போம். அப்போது அது புல்டவுன் இல்லை, ஏறக்குறைய ரோ. புல்டவுனும் ரோவும் தனித்தனியாக வைத்ததன் அர்த்தமே போய்விடும். கண்டுபிடிக்க எளிய வழி, பக்கவாட்டிலிருந்து போனில் ஒரு செட்டைப் படம் எடுப்பது. முதல் முறையும் கடைசி முறையும் உடம்பு ஒரே சாய்வில் இருந்தால் எடை சரி. கடைசி இரண்டு முறையில் உடம்பு பின்னால் விழுந்தால் எடை அதிகம். ஜிம்மில் போனை நிறுத்திவைத்துப் படம் எடுப்பது ஒரு பெண்ணுக்கு அவ்வளவு வசதியான காரியம் இல்லை. நான் அக்கா வரும் நேரமாகப் பார்த்து அவரையே எடுக்கச் சொல்வேன்.

ஒற்றைக் கை ரோவில் தவறுவது பாதையில். டம்பெல் தொங்குகிற இடத்திலிருந்து நேர் மேலே அக்குளை நோக்கி இழுத்தால் தோளும் கையும்தான் உழைக்கும். டம்பெல் சற்று முன்னால் தொடங்கி, வளைவாக இடுப்பு எலும்பை நோக்கி வர வேண்டும். ரம்பம் அறுப்பதுபோல் என்று சொல்வார்கள், ஓரளவு பொருத்தம்தான். முழங்கை உடம்பைத் தாண்டியதும் நிறுத்திவிடலாம். இன்னும் மேலே கொண்டுபோக வேண்டுமென்று இடுப்பைத் திருப்பினால் எடை உயரும், லேட்ஸுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

குப்புறப் படுத்துச் செய்யும் ரோவைப் பற்றி யாரும் சொல்லித்தராத ஒன்று உண்டு. பெஞ்ச் விளிம்பு பெண்களுக்கு நெஞ்சில் அழுத்தும். ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. பெஞ்சை 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குள் சாய்த்து, முழங்கைகளை உடம்பிலிருந்து நன்றாக விலக்கி இழுத்து, மேலே ஒரு வினாடி நிறுத்த வேண்டும். தோள்பட்டை எலும்புகள் ஒன்றையொன்று நெருங்குவது தெரியும். இதில் எடை ரொம்பக் குறைவாகத்தான் போகும். நான் கைக்கு ஐந்து கிலோவில் தொடங்கினேன். பக்கத்து பெஞ்சில் இருந்த பையன் ஒரு மாதிரி பார்த்தான். அவன் மேலே ஒரு வினாடி நிறுத்திப் பார்க்கட்டும்.

எடையை எப்போது கூட்டுவது? எங்கள் புல்டவுன் மெஷினில் ஒவ்வொரு கட்டையும் ஐந்து கிலோ. 25-லிருந்து 30-க்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அது சின்னத் தாவல் இல்லை. அதனால் திங்கட்கிழமை மூன்று செட்டிலும் பத்து முறை வந்துவிட்டது என்று உடனே கூட்டவில்லை. மூன்றிலும் பன்னிரண்டு வரும்வரை காத்திருந்தேன். அதற்கே மூன்று வாரம் ஆனது. பிறகு 30 வைத்தபோது எட்டு, ஏழு, ஏழு என்று இறங்கியது. அங்கிருந்து மறுபடி ஏற்றம். எட்டு மாதத்தில் 20 கிலோவிலிருந்து 35-க்கு வந்திருக்கிறேன். டம்பெல் ரோ 7.5-லிருந்து 15. குப்புறப் படுக்கும் ரோ 5-லிருந்து 10. வேறு ஜிம்முக்குப் போனால் இதே 35 அங்கே கனமாகவோ லேசாகவோ இருக்கலாம். கப்பி அமைப்பைப் பொறுத்து மெஷினுக்கு மெஷின் மாறும். நம் நோட்டை நம் மெஷினோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

ஐந்தாவது மாதம் ஒரு தடங்கல். முதுகு களைப்பதற்கு முன்பே விரல்கள் விட்டுப்போயின. நாள் முழுக்க கீபோர்டில் தட்டும் கைகள், பிடிக்குப் பழக்கமில்லை. இது நிறைய பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு வருகிறது. முதல் இரண்டு செட்டை வெறுங்கையால் செய்து, கடைசி செட்டுக்கு மட்டும் மணிக்கட்டில் சுற்றும் ஸ்ட்ராப் போட்டுக்கொள்ளச் சொன்னார் அக்கா. பிடியும் வளரும், முதுகுக்கும் குறை வராது.

வீட்டில் வேறொரு போராட்டம். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். அம்மாவுக்கு ஒரே கவலை, "முதுகு ஆம்பள மாதிரி ஆயிடும்டி. கல்யாணம் முடியற வரைக்கும் அந்த ஜிம்மை நிறுத்து." சொன்னால் கேட்க மாட்டார், அளந்து காட்டலாம் என்று தையல்கடைக்குக் கூட்டிப்போனேன். எங்கள் டெய்லர் அக்காவிடம் ஐந்து வருட அளவு நோட்டில் இருக்கிறது. பின்முதுகு அகலம் பதிமூன்றரை இன்ச் இருந்தது, இப்போது பதினான்கு. மார்புச் சுற்றளவு ஒரு இன்ச் கூடியிருக்கிறது. இடுப்பு அப்படியே. எட்டு மாதம், வாரத்துக்குப் பதிமூன்று செட், விளைவு அரை இன்ச். "பழைய ப்ளவுஸ் அக்குள்ல பிடிக்கும். உள்தையல் ஒண்ணு பிரிச்சா போதும்" என்றார் டெய்லர் அக்கா. அக்குளில் பிடிப்பது லேட்ஸ்தான். நடுமுதுகில் கூடிய தடிமன் அவர் டேப்பில் அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால், பின்கழுத்து இறக்கமான ப்ளவுஸைப் போட்டுப் பார்த்தபோது, முன்பு துருத்திக்கொண்டிருந்த தோள்பட்டை எலும்புகளின் விளிம்பு கொஞ்சம் மறைந்திருந்தது. அம்மா இதைக் கவனித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

அம்மாவின் பயத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு. தோள் எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பதில் காலர் எலும்பின் நீளத்துக்கும் பங்கு இருக்கிறது. அதை எந்தப் பயிற்சியும் மாற்றாது. கூடும் தசையின் அளவு பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவு. ஆசைப்பட்டு வருடக்கணக்கில் உழைப்பவர்களுக்கே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்.

புல்-அப் இன்னும் ஒன்றுகூட முழுதாக வரவில்லை. ஸ்டூலில் ஏறி, கம்பிக்கு மேல் தாடையை வைத்து, ஐந்து வினாடியில் மெதுவாக இறங்குவதை மூன்று முறை செய்ய முடிகிறது. இதைத் திங்களன்று புல்டவுனுக்கு முன்னால் வைத்திருக்கிறேன், அதற்காக அன்றைய புல்டவுனில் ஒரு செட்டைக் குறைத்துக்கொண்டேன். கூட்டிக்கொண்டே போனால் முழங்கையின் உள்பக்கம் வலி எடுக்கத் தொடங்கும். அப்படி வலி வந்து, இரண்டு மூன்று நாளிலும் போகவில்லையென்றால் செட்டைக் குறைத்துவிட்டு பிசியோவிடம் காட்டிவிடுவது நல்லது.

கல்யாண வாரத்தில் நான்கு நாளும் போக முடியாது என்பது இப்போதே தெரிகிறது. இரண்டு நாள்தான் கிடைக்கும். அந்த வாரத்துக்கும் அக்கா ஒரு சீட்டு எழுதித் தந்திருக்கிறார். ஒரு நாள் புல்டவுன் மூன்று செட், பெஞ்ச் பிரஸ், ஸ்குவாட். மறுநாள் விட்டு அடுத்த நாள் குப்புறப் படுக்கும் ரோ மூன்று செட், தோளுக்கு ஒரு பிரஸ், டெட்லிஃப்ட். எடையை மட்டும் குறைக்கக் கூடாது என்று அடிக்கோடு போட்டிருக்கிறார். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மட்டும் வேண்டாமாம். மருதாணி போட்ட கையோடு கம்பியைப் பிடித்தால் சிவப்பு சீக்கிரம் போய்விடும் என்கிறார்.